செல்வராஜ் அண்ணனுக்கு

அண்ணே, வணக்கம். வேலை நேரத்தில் போன் எடுத்துத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்றுதான் இதை எழுதி அனுப்புகிறேன். கடை மூடிய பிறகு ஆறுதலாகப் படியுங்கள், அவசரமாகப் பதில் போட வேண்டாம்.

வீட்டில் எல்லாரும் சுகம். அண்ணியை நேற்று கொழுந்து நிறுக்கிற இடத்தில் பார்த்தேன். சின்னவளுக்கு இருமல் குறைந்துவிட்டதாம், இன்றைக்குப் பள்ளிக்கூடம் போனாள். தீபாவளி அட்வான்ஸ் எப்போது போடுவார்கள் என்ற பேச்சுத்தான் லயம் முழுக்க. நீங்கள் எந்தக் கிழமை வருகிறீர்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

விஷயம் இதுதான். லயத்துக்குப் பின்னால் இருக்கிற 20 பேர்ச்சில் இந்த முறை கிழங்கு போட்டேன் அல்லவா, செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது. ஆனால் கந்தப்பளையில் நான்கு நாளாக வெயிலே இல்லை. விடிய விடியப் பனி, மத்தியானத்துக்குப் பிறகு தூறல். இலை காயவே இல்லை. கீழே இருக்கிற தோட்டத்தில் இரண்டு பாத்தியில் இலை ஓரம் கருத்து, அடியில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. எங்கள் பாத்தியில் இன்னும் காணவில்லை. மங்கோசெப் வாங்கி வைத்திருக்கிறேன். அது நோய் பிடிப்பதற்கு முதலே இலையில் படிந்திருந்தால்தான் வேலை செய்யும், பிடித்த பிறகு ஊற்றினாலும் பிரயோசனமில்லை. வாளியில் கரைத்து விளக்குமாற்றால் தெளிக்கலாம் என்று பெரியவன் சொல்கிறான். மேலே மட்டும்தான் படும், இலையின் அடிப்பக்கம் அப்படியே இருக்கும், மருந்துதான் வீண். அதனால் அந்த நீல நிற மருந்து டாங்கி இந்தக் கிழமை எனக்குத் தேவைப்படுகிறது.

போஞ்சிக்கு அடிக்க நீங்கள் கொண்டு போன கையோடு கொழும்பு வேலை வந்துவிட்டது, சாமான் கட்டவே உங்களுக்கு நேரம் இருக்கவில்லை. எனக்கும் இதுவரை அதற்கு வேலை இருக்கவில்லை, இருந்தால் அப்போதே எடுத்திருப்பேன். இப்படி மழை பிடிக்கும் என்று யார் கண்டார்கள்!

டாங்கி எங்கே இருக்கிறது என்று மட்டும் அண்ணிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நான் வாசலில் வந்து கேட்டால் பைப்படியில் தண்ணீர் பிடிக்கிற நாலு பேர் காதில் விழும். நம் லயத்தைப் பற்றித் தெரியும்தானே, அந்தி சாய்வதற்குள் அது வேறு கதையாகிவிடும். நாளைக்கு லீக்ஸ் பிடுங்குகிறேன். உங்கள் வீட்டுக்கும் ஒரு கட்டு, பெரியவனிடம் ஆறு மணிக்குப் பிறகு கொடுத்து அனுப்புகிறேன். அவன் பின்கதவு வழியாக வருவான், அண்ணி அவனிடமே கொடுத்துவிடட்டும்.

வேறு யாரும் அவசரத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தாலும் பரவாயில்லை. ஆளை எனக்கு மட்டும் சொல்லுங்கள், நீங்கள் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல் நானே போய் எடுத்துக்கொள்கிறேன். பம்பு இறுகியிருந்தாலோ நோசல் அடைத்திருந்தாலோ அதைத் திருத்திவிட்டுத் தர வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த வாஷர் நான் தரும்போதே தேய்ந்துதான் இருந்தது, அழுத்தினால் கைப்பிடிப் பக்கமாக ஒழுகியதே, ஞாபகம் இருக்கும். நுவரெலியா டவுனில் வாஷர் கிடைக்கும், நான் போட்டுக்கொள்கிறேன். காசு கீசு என்று பேச்சே எடுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள், அண்ணே. அதில் புல்லுக்கு அடிக்கிற மருந்து ஏதும் ஊற்றினீர்களா? ஊற்றியிருந்தாலும் தவறில்லை, எல்லாரும் ஒரே டாங்கியைத்தானே வைத்துச் சமாளிக்கிறோம். தெரிந்தால் சவர்க்காரத் தூள் போட்டு டாங்கி, குழாய், நோசல் எல்லாவற்றையும் இரண்டு மூன்று தரம் கழுவிவிட்டுப் பாவிப்பேன். குழாய்க்குள் கொஞ்சம் தங்கியிருந்தாலும் கிழங்குச் செடி சுருண்டுவிடும். விதைக் கிழங்கு விற்ற விலைக்கு அதைத் தாங்க முடியாது.

வியாழன் காலை வெயில் அடித்து இலை காய்ந்தால் அன்றைக்கே அடிக்கலாம் என்று இருக்கிறேன். முடிந்தால் புதன் இரவுக்குள் வீட்டில் சொல்லிவிடுங்கள். அடித்துக் கழுவிய பிறகு டாங்கி எங்கள் விறகுக் கொட்டிலில்தான் இருக்கும். தீபாவளிக்கு வரும்போது உங்கள் போஞ்சிக்கோ கோவாவுக்கோ வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், கேட்கக்கூடத் தேவையில்லை.

வரும்போது பெரியவனுக்கு ஒரு போன் சார்ஜர் வாங்கி வர முடியுமா? அங்கே விலை குறைவு என்கிறான். காசு வந்தவுடன் தருகிறேன்.

தம்பி,
முருகேசு