சர்க்கரை நோயாளிகளுக்கான உணவுக் குறிப்பு

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன். மதியம் இந்தக் கணக்கு போதும். தராசு வேண்டாம், வீட்டில் ஒரே கிண்ணத்தை அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இட்லி என்றால் மூன்று, தோசை என்றால் எண்ணெய் குறைவாக இரண்டு. சட்னியைவிட சாம்பார் நல்லது, அதிலும் காய் நிறைய இருக்கட்டும். மதியச் சோறு ஒரு கிண்ணம், தலை தட்டி, குவித்து அல்ல. பொரியல், கூட்டு, கீரை இரண்டு கிண்ணம் வரை சாப்பிடலாம். உருளை, சேனை, மரவள்ளி ஆகியவை காய் கணக்கில் வராது. அவற்றைச் சாப்பிடும் நாளில் சோற்றைக் குறையுங்கள்.

கேழ்வரகு, கம்பு நல்லவைதான். ஆனால் அளவில்லாமல் சாப்பிட்டால் அவையும் சர்க்கரையை ஏற்றும். கூழாகக் குடித்தால் வேகமாக ஏறும். களியாகவோ அடையாகவோ சாப்பிடுங்கள்.

வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாமே சர்க்கரைதான். "நாட்டுச் சர்க்கரை பரவாயில்லை" என்று யார் சொன்னாலும் காபியில் போட வேண்டாம்.

பழம் ஒரு நாளைக்கு ஒன்று: சின்ன கொய்யா அல்லது நான்கைந்து துண்டு பப்பாளி. ஜூஸ் வேண்டாம். எண்ணெய் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு டீஸ்பூன், தாளிப்பதையும் சேர்த்து.

மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் விரதம் இருப்பதானால் முன்பே எங்களிடம் கேளுங்கள். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றினால் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருக்கலாம்; அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்து உடனே குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை குடித்துவிட்டு மருத்துவமனைக்கு வாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.