காட்சி 18: மாணிக்கத்தின் கனவு (ஸ்டோரிபோர்டு, இரண்டாம் வடிவம்)

குறும்படம்: ‘நாலாவது அடுக்கு’. கனவின் நீளம் 70 விநாடி, 9 ஷாட். பிரேம் அளவு 1.85:1, விநாடிக்கு 24 பிரேம்.

கேமரா, கலை, ஒலிக் குழுவினருக்கு:

மாணிக்கத்துக்கு வயது 71. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி கட்டிக் கொடுத்த நாலடுக்கு டிபன் கேரியரில் ஓர் அடுக்கு காணவில்லை என்பது காட்சி 17லேயே பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். கனவு முழுக்க அவர் தேடுவது அதைத்தான். இடமும் அளவும் எப்படி மாறினாலும் ‘இவருக்கு இப்போது என்ன வேண்டும்’ என்பது தெரிந்தால் யாரும் குழம்பமாட்டார்கள். அதனால் மூன்று விஷயங்களில் கை வைக்கவேண்டாம். சிவப்புக் கைப்பிடி போட்ட கேரியர் எப்போதும் அவருடைய வலது கையில்தான். நடை எப்போதும் இடமிருந்து வலம். ஒரு மாற்றத்தில் இடம் மாறலாம் அல்லது அளவு மாறலாம், இரண்டும் சேர்ந்து மாறக்கூடாது.

ஷாட் 1 (5 வி.)
வீவக வீட்டுச் சமையலறை, இரவு. மேசைமேல் கேரியர், கண் மட்டத்தில், நேர்ப்பக்கமாக. இரண்டாவது அடுக்குக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஓர் அடுக்கு அளவுக்கு இடைவெளி. இயல்பில் அது நிற்காது, கனவு தொடங்கிவிட்டதன் முதல் அடையாளம் அதுதான். கேமரா அசையாது.

ஷாட் 2 (5 வி.)
மிட் ஷாட். அவர் கேரியரை எடுக்கிறார். டியூப்லைட் அணைந்து எரிகிறது. அதே அறை, கூரை மட்டும் ஒரு முழம் உயர்ந்திருக்கிறது.

ஷாட் 3 (14 வி.)
வாசலுக்கு வெளியே பொது நடைபாதை. கேமரா பக்கவாட்டில் கூடவே நகர்கிறது, கட் கிடையாது. முதல் வீட்டு இரும்புக் கேட்டின் பூட்டு அவர் இடுப்பு உயரம். இரண்டாம் வீட்டில் தோள் உயரம். மூன்றாம் வீட்டில் கை நீட்டினாலும் எட்டாது. செருப்பு ரேக், துளசிச் செடி, காயும் துணி எல்லாமே அதே கணக்கில் வளரவேண்டும். பிரேமில் அவர் அளவு மாறவே கூடாது. அவர் அப்படியே இருக்க, சுற்றியிருப்பவை பெரிதானால், அவர் சிறுத்துவிட்டார் என்பது சொல்லாமலே விளங்கும். இந்த ஷாட்டில் அவசரம் வேண்டாம், இதில்தான் பார்வையாளர் கனவின் விதியைக் கற்றுக்கொள்கிறார். கடைசி கேட்டுக்கு அடியில் குனியாமலே நுழைந்து போகிறார்.

ஷாட் 4 (4 வி.)
மறுபுறம் மீண்டும் அவருடைய சமையலறை மேசை. ஷாட் 1இன் அதே பிரேம், ஆனால் கேரியர் மலைபோல நிற்கிறது, அவர் அதன் அடியில். கையிலிருக்கும் குட்டிக் கேரியரின் சிவப்பு தெரியவேண்டும். குக்கர் விசில் தொடங்குகிறது.

ஷாட் 5 (8 வி.)
மேட்ச் கட். கேரியரின் அடுக்கை நேர்ப்பக்கமாகப் பார்த்தால் அது வட்டமில்லை, செவ்வகம். ஆகவே மூன்று அடுக்கும் மூன்று கொள்கலன்களாகின்றன, இடைவெளி இருந்த இடத்தில் அதே இடைவெளி. விளிம்புகள் துல்லியமாகப் பொருந்தவேண்டும். இங்கே இடம் மட்டும் மாறுகிறது, அவர் உயரம் பிரேமில் அதேதான். விசில் கட்டைத் தாண்டி ஒரு விநாடி நீண்டு கப்பல் சங்காகிறது. கொள்கலன்களில் எழுத்து எதுவும் வேண்டாம், கண் அங்கே போய்விடும்.

ஷாட் 6 (6 வி.)
குளோஸ்-அப், கிரேன் கேபின். பின்னணி வெறும் வானம், வலது கையில் கேரியர். இதில் ஒப்பிட எதுவுமே இல்லை, வேண்டுமென்றுதான் அப்படி. அடுத்த அளவு மாற்றத்துக்கு முன் கண் இளைப்பாற ஓர் இடம். அவர் குனிந்து காலடிக் கண்ணாடித் தரை வழியே பார்க்கிறார்.

ஷாட் 7 (14 வி.)
அவர் பார்வையில், நேர் கீழே. துறைமுகத் தளம் அவர் வீட்டு மேசைவிரிப்பின் கட்டங்களாகத் தெரிகிறது, கொள்கலன்கள் தீப்பெட்டிகளாக. ஸ்பிரெடர் இறங்குகிறது. அது தரையைத் தொடும்போது, கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று கீழ்விளிம்பிலிருந்து வந்து, காணாமல் போன அடுக்கை அதன் இடத்தில் வைக்கிறது. வளையல் காட்சி 4இன் சுவர்ப் படத்தில் இருக்கும் அதே பச்சை. முகம் காட்டவேண்டாம். கூட வேறு ஒலி எதுவும் இல்லை, வளையல் சத்தம் மட்டும்.

ஷாட் 8 (4 வி.)
கொக்கி மாட்டும் சத்தம். பிரேம் கறுப்பாகிறது.

ஷாட் 9 (10 வி.)
விழிப்பு. முதல்முறையாக அவர் முகம் வலமிருந்து இடம் நோக்கியிருக்கிறது. மேசைமேல் மூன்றே அடுக்கு, இடைவெளி இல்லாமல்.

கலைக் குழு கவனத்துக்கு: ஷாட் 3க்கு மூன்று கேட் செய்யத் தேவையில்லை. முதல் வீட்டுக்கு நிஜக் கேட்டே போதும், ஒன்றரை மடங்கிலும் இரண்டரை மடங்கிலும் ஒவ்வொன்று செய்தால் சரி. வெள்ளிக்கிழமை அனிமேட்டிக்கை ஒலியில்லாமல் ஓட்டிப் பார்ப்போம். கதை தெரியாத யாரையாவது கூட உட்காரவைத்து, அவர் எதைத் தேடினார் என்று ஷாட் 5 முடிந்ததும் நிறுத்திக் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் ஷாட் 1ஐ இன்னும் இரண்டு விநாடி நீட்டலாம், ஷாட் 6ஐக் குறைக்கவேண்டாம்.