வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குப் பின்: 12 வாரப் பயிற்சி அட்டவணை

வயது 63, பெண். எடை 74 கிலோ. பத்து வருடமாகச் சர்க்கரை. வலது முழங்காலுக்கு முழு மூட்டு மாற்று. ஆபரேஷன் 2025 ஜனவரி 6, திங்கள். டிஸ்சார்ஜ் ஜனவரி 9, வியாழன். தரைத்தளத்தில் படுக்கை, ஒரு வெஸ்டர்ன் டாய்லெட். மாடிக்கு 14 படி, வலப்பக்கம் மட்டும் கைப்பிடி.

டிஸ்சார்ஜ் அன்று அளந்தது: மடக்கம் 78 டிகிரி. முழுதாக நீட்ட இன்னும் 6 டிகிரி பாக்கி. வாக்கரோடு 40 மீட்டர் நடை. வலது காலில் தாங்கும் அளவுக்கு முழு எடையும் வைக்கலாம்.

இந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவிலோ கட்டிலுக்கு எதிர்ச் சுவரிலோ ஒட்டுங்கள். வீட்டில் உதவிக்கு இருப்பவரும் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும்.

முதலில் ஒன்று

வீட்டுக்கு வருகிற எல்லோரும் "எவ்வளவு மடக்க முடிகிறது" என்றுதான் கேட்பார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது கால் எவ்வளவு நேராக நீள்கிறது என்பதை. மடக்கம் மூன்று மாதம் வரைக்கும்கூட மெல்ல மெல்லக் கூடும். நீட்டம் முதல் சில வாரங்களில் வராவிட்டால் முட்டிக்குப் பின்னால் உள்ள தசையும் சவ்வும் அந்தச் சுருக்கத்திலேயே இறுகிவிடும், பிறகு பெறுவது கடினம். 10 டிகிரி மடங்கியே நிற்கும் கால் குட்டையான கால் போலத்தான் வேலை செய்யும். நொண்டல் வரும், தொடை சீக்கிரம் களைக்கும், இடுப்பும் மற்ற முட்டியும் வலிக்கும்.

ஆகவே முட்டிக்கு அடியில் தலையணை வேண்டாம். வைத்தால் சுகமாக இருக்கும், பாசத்தில் வீட்டாரே கொண்டுவந்து வைப்பார்கள். இரவு முழுக்க மடங்கிய நிலையில் கிடந்தால் பகலில் செய்த நீட்டல் பயிற்சி வீணாகிவிடும். உயர்த்தி வைக்க வேண்டுமென்றால் தலையணையைக் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் வையுங்கள். முட்டி அந்தரத்தில் நேராகத் தொங்கட்டும்.

முதல் கட்டம்: ஜனவரி 9 முதல் 20 வரை

ஒரு நாளைக்கு மூன்று பயிற்சி நேரம்: காலை 9, மதியம் 12.30, மாலை 5.30. வலி மாத்திரை வேளைகளில், பயிற்சிக்கு 40 நிமிடம் முன்பே மாத்திரையை விழுங்கிவிடுங்கள். வலி ஏறிய பிறகு மாத்திரை போட்டால் அந்த வேளைப் பயிற்சி போய்விடும். காலைப் பயிற்சி டிபனுக்குப் பிறகுதான். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் செய்தால் மயக்கம் வரும்.

ஒவ்வொரு வேளையும் இந்த வரிசையில், சுமார் 30 நிமிடம்:

1. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுதல், 20 தடவை. இது மட்டும் விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை செய்ய வேண்டும். கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் காக்க இது உதவும்.

2. தொடை இறுக்குதல். காலை நீட்டிப் படுத்து, முட்டியின் பின்பக்கத்தால் மெத்தையை அழுத்துங்கள். 5 எண்ணும் வரை பிடித்து விடுங்கள். 10 தடவை. மூச்சை அடக்காமல் வாய்விட்டு எண்ணுங்கள். தொடைக்கு மேல் கைவைத்துப் பாருங்கள்: கல்லாக இறுக வேண்டும். இறுகாமல் புட்டம் மட்டும் தூக்கினால் தவறான தசை வேலை செய்கிறது.

3. குதிகால் முட்டு. ஒரு துண்டைச் சுருட்டி, 10 செ.மீ. உயரத்தில் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டியைத் தளர்த்தி அதன் எடையிலேயே கீழே இறங்க விடுங்கள். 5 நிமிடத்தில் ஆரம்பித்து, நாளுக்கு ஒரு நிமிடம் கூட்டி 10 நிமிடம் வரை. முட்டியின் பின்பக்கம் இழுக்கும், அந்த இழுப்பு வேண்டியதுதான். பாதம் வெளிப்பக்கம் சாயாமல் கட்டைவிரல் கூரையைப் பார்க்கட்டும்.

4. குதிகாலை இழுத்து மடக்குதல். குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை போட்டால் மெத்தை விரிப்பில் சிக்காமல் வழுக்கும். பாதத்தைச் சுற்றித் துப்பட்டாவோ துண்டோ போட்டு இரு கையாலும் இழுத்து, தாங்கும் எல்லையில் 5 எண்ணி, மெல்ல விடுங்கள். 15 தடவை.

5. நாற்காலி மடக்கம். கனமான மர நாற்காலியில் உட்காருங்கள், வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். வலது பாதத்தை எவ்வளவு முடியுமோ பின்னுக்குத் தள்ளித் தரையில் ஊன்றிக்கொண்டு, பாதம் நகராமல் இடுப்பை மட்டும் முன்னால் நகர்த்துங்கள். 10 எண்ணுங்கள். 10 தடவை. மடக்கம் அதிகம் கூடுவது இதில்தான்.

6. நேர்க்கால் தூக்குதல். இடது முட்டியை மடக்கி, வலது காலை நீட்டியபடியே ஒரு அடி உயரம் தூக்கி 3 எண்ணி இறக்குங்கள். 8 தடவை. தூக்கும்போது முட்டி தொய்ந்தால் தொடைக்கு இன்னும் பலம் வரவில்லை. இரண்டாம் பயிற்சியை இருமடங்கு செய்து, மூன்று நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

முடிந்ததும் கால் உயர்த்தி, மெல்லிய துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இருப்பதால் தோலில் உணர்வு குறைந்திருக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஐஸை எடுத்துத் தோலின் நிறத்தைப் பாருங்கள். எண்ணெய் தேய்த்து உருவுவது, ஒத்தடம், பத்து எதுவும் வேண்டாம்.

நடை: பயிற்சி நேரம் தவிர, 5 நிமிடமாக ஒரு நாளைக்கு ஐந்து தடவை. வாக்கர் முதலில், அடுத்து வலது கால், பிறகு இடது கால். குதிகால்தான் முதலில் தரையைத் தொட வேண்டும். முட்டியை விறைத்துக்கொண்டு கட்டையாக நடக்கும் பழக்கம் இந்த வாரத்தில்தான் தொற்றும். அதனால் ஒவ்வொரு எட்டிலும் காலை மடக்கித் தூக்குங்கள்.

வீக்கம் முதல் பத்து நாளில் கூடுவது இயல்பு, கன்றிய நீலம் கணுக்கால் வரை இறங்கும். காயத்தின் வெளிப்பக்கம் மரத்திருக்கும், முட்டிக்குள் டிக் என்று சத்தம் கேட்கும். இவை எல்லோருக்கும் வருபவை. முட்டிச் சூடு மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

பொங்கல் ஜனவரி 14, எட்டாம் நாள். பானை வைக்கும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள். கோலம் போடக் குனிவது, தரையில் உட்கார்ந்து கரும்பு வெட்டுவது எதுவும் வேண்டாம். உறவினர் வருகையால் மதியப் பயிற்சிதான் முதலில் தவறும். அன்று காலை 8, மாலை 4, இரவு 8 என்று மாற்றிக்கொண்டு மூன்று வேளையையும் முடியுங்கள்.

எவ்வளவு வலி சரி

10க்கு 5 வரை பொறுத்துக்கொண்டு செய்யலாம். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலி குறையாவிட்டாலோ, மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தாலோ, எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். வேளைகளைக் குறைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்ட முட்டி மறுநாள் இன்னும் அதிகமாக வலிக்கும்.

யாரும் உங்கள் காலைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்கக் கூடாது. முட்டி வீங்கி, தொடைத் தசை பயந்து இறுகி, கிடைத்த மடக்கமும் குறையும்.

ஒரு சிறு நோட்டில் தினமும் மாலை நான்கு விஷயம் எழுதுங்கள்: எத்தனை வேளை செய்தீர்கள், வலி எண், நடந்த மொத்த நிமிடம், மடக்கக் கோடு. மடக்கக் கோடு என்பது இதுதான்: நாற்காலியை எப்போதும் ஒரே இடத்தில் வைத்து, அதன் முன்காலை ஒட்டித் தரையில் ஒரு டேப் ஒட்டுங்கள். நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, இடுப்பை நகர்த்தாமல் பாதத்தைப் பின்னுக்கு இழுங்கள். கட்டைவிரல் நுனி டேப்புக்கு எத்தனை செ.மீ. முன்னால் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். எண் குறையக் குறைய மடக்கம் கூடுகிறது.

முதல் சந்திப்பு: ஜனவரி 20, திங்கள் காலை 10

கிளிப் எடுப்போம். காயம் ஆறாத இடம் இருந்தால் சிலவற்றை விட்டுவைத்து மூன்று நாள் கழித்து எடுப்போம். எதிர்பார்ப்பு: மடக்கம் 90 டிகிரி, நீட்டப் பாக்கி 3 டிகிரிக்குள், தொய்வில்லாமல் கால் தூக்குவது. நோட்டு, கடைசி மூன்று நாள் சர்க்கரை அளவு, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையின் அட்டை மூன்றையும் கொண்டுவாருங்கள். அந்த மாத்திரையை எழுதிய நாள் முடியும் வரை நீங்களாக நிறுத்தக் கூடாது.

இரண்டாம் கட்டம்: ஜனவரி 21 முதல் பிப்ரவரி 17 வரை

படுக்கைப் பயிற்சி இரண்டு வேளையாகக் குறையும். 2 முதல் 5 வரை தொடரும். மதிய வேளை நின்று செய்வது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு: குதிகால் உயர்த்தல் 10, வலது காலைப் பக்கவாட்டில் தூக்குதல் 10, கால் முட்டியைச் சற்றே மடக்கி அரை அடி இறங்கி எழுதல் 10. எல்லாம் இரண்டு சுற்று. பிறகு 18 அங்குல நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல் 10. பலரும் இதில் இடது காலிலேயே எடை போட்டு ஏமாற்றிக்கொள்வார்கள். இரு பாதமும் ஒரே கோட்டில் இருக்கட்டும், எதிரில் கண்ணாடி இருந்தால் நல்லது.

வாக்கரிலிருந்து கைத்தடிக்கு மாறுவது நொண்டாமல் 10 மீட்டர் நடக்க முடிந்த பிறகு. தடி இடது கையில். வலக் காலும் தடியும் சேர்ந்து முன்னால் போகும். வலி உள்ள பக்கமே தடி பிடித்தால் உடல் அந்தப் பக்கம் சாய்ந்து மூட்டின் மேல் சுமை கூடும்.

மாடிப்படி: ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். இறங்கும்போது கைப்பிடி உங்கள் இடப்பக்கம் வரும், அப்போது தடியை வலக் கைக்கு மாற்றுங்கள். முதல் வாரம் கீழ்ப்படியில் ஒருவர் நிற்கட்டும்.

பிப்ரவரி 3, திங்கள் காலை 11: பிசியோ பரிசோதனை. 100 டிகிரி, நீட்டப் பாக்கி இல்லாமை. பிப்ரவரி 11 தைப்பூசத்துக்கு மலைக்கோயில் படியேறும் எண்ணம் இந்த வருடம் வேண்டாம். ஐந்து வாரமே ஆன முட்டி அதற்குத் தயாரில்லை.

பிப்ரவரி 17, திங்கள் காலை 10: மருத்துவரும் பிசியோவும். எக்ஸ்ரே எடுப்போம். மடக்கம் 110. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி உட்காரும் நேரத்தை அளப்போம், 12 நொடிக்குள் வந்தால் தடியை விடலாம். மடக்கம் 90க்குக் கீழே நின்றிருந்தால், மயக்க மருந்து கொடுத்து முட்டியை மடக்கிவிடுவது பற்றி மருத்துவர் பேசுவார். மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் அதில் நல்ல பலன்.

மூன்றாம் கட்டம்: பிப்ரவரி 18 முதல் மார்ச் இறுதி வரை

தினமும் ஒரு வேளை, 40 நிமிடம். நிலை சைக்கிள் 10 நிமிடத்தில் தொடங்கி 20 வரை, பாரம் இல்லாமல். முழுச் சுற்று வராவிட்டால் முன்னும் பின்னுமாகப் பாதிச் சுற்று ஆட்டுங்கள், இருக்கையை உயர்த்துங்கள். 4 அங்குலப் படியில் வலது காலால் ஏறி இறங்குதல் 10, இரண்டு வாரம் கழித்து 6 அங்குலம். கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்க வலது காலில் ஒற்றையாக நிற்பது 10 நொடி, 5 தடவை. நடை 30 நிமிடம். குதிகால் முட்டு இரவில் 10 நிமிடம் மூன்று மாதமும் தொடரும்.

சம்மணமும் குந்துவதும் இந்தப் பன்னிரண்டு வாரத்தில் கிடையாது.

உடனே அழைக்க வேண்டியவை

கெண்டைக்காலில் அழுத்தினால் வலி, கால் முழுக்கப் புதிதாக வீக்கம். காயத்தில் சீழ் அல்லது நீர்க்கசிவு, பரவும் சிவப்பு, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். நேற்று முடிந்த கால் தூக்கல் இன்று திடீரென முடியாமல் போவது. இவற்றுக்கு அன்றே வார்டு எண்ணுக்குப் பேசுங்கள், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். காயத்துக்கு நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள், கிருமி எது என்று கண்டுபிடிப்பது அதனால் கடினமாகும். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி என்றால் 108.

மேலும் இரண்டு சந்திப்பு

12ஆம் வாரம் முடியும் மார்ச் 31 ரம்ஜான் விடுமுறை. அதனால் ஏப்ரல் 1, செவ்வாய் காலை 10. எதிர்பார்ப்பு 115 முதல் 120 டிகிரி, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு படிக்கு ஒரு காலாக மாடி ஏறுவது.

அடுத்தது 2026 ஜனவரி 6, செவ்வாய் காலை 10, எக்ஸ்ரேயுடன். பழைய எக்ஸ்ரே படங்களையும் கொண்டுவாருங்கள், பொருத்திய மூட்டு இடம் மாறியிருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க முடியும்.