பாதுகாப்புக் குறைகளைத் தெரிவிப்பதற்கான எங்கள் கொள்கை

நாங்கள் 9 பேர் கொண்ட சிறு குழு. பில்லிங் மென்பொருள் செய்கிறோம். எங்கள் கண்ணில் படாத ஓட்டை உங்கள் கண்ணில் பட்டால் தயங்காமல் சொல்லுங்கள்.

எங்கள் இணையதளம், மொபைல் ஆப், ஏபிஐ மூன்றையும் சோதிக்கலாம். பணம் செலுத்தும் சேவை வேறு நிறுவனத்துடையது. அதைச் சோதிக்க அனுமதி தரும் உரிமை எங்களுக்கு இல்லை.

மின்னஞ்சல் முகவரியும் பிஜிபி சாவியும் எங்கள் தளத்தின் `/.well-known/security.txt` கோப்பில் உள்ளன. எந்தப் பக்கம், என்ன செய்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதினால் போதும். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

நீங்களே தொடங்கிய கணக்கில் மட்டும் சோதியுங்கள். அடுத்தவர் தகவல் தெரிந்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், நகல் எடுக்காதீர்கள். சர்வரை முடக்கிப் பார்ப்பதும் ஊழியர்களை ஏமாற்றிக் கடவுச்சொல் வாங்குவதும் வேண்டாம்.

இந்த வரம்புக்குள் நல்லெண்ணத்தோடு செய்த சோதனைக்காக உங்கள் மீது வழக்குத் தொடர மாட்டோம், போலீஸில் புகார் கொடுக்க மாட்டோம். வேறு யாராவது நடவடிக்கை எடுத்தால், எங்கள் அனுமதியோடுதான் செய்தீர்கள் என்று எழுத்தில் தருவோம். தெரியாமல் வரம்பு தாண்டியிருந்தாலும் முதலில் உங்களிடம்தான் பேசுவோம்.

3 வேலை நாளில் பதில் வரும். 90 நாளுக்குள் சரிசெய்வோம். அப்புறம் நீங்கள் வெளியிடலாம். பரிசுப்பணம் தர இப்போது வசதியில்லை. நீங்கள் விரும்பினால் நன்றிப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்ப்போம்.