பெங்களூரு பணி: தற்காலிகத் தங்குமிடம், முன்பணம் குறித்து

வணக்கம் மேடம்,

பணி நியமனக் கடிதம் செவ்வாயன்று வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. இந்த வேலையில் சேரத்தான் விரும்புகிறேன். கையெழுத்திட்டு அனுப்பும் முன் ஒன்றைத் தங்களிடம் வெளிப்படையாகக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

கடிதத்தில் 'இடமாற்ற உதவி நிறுவன விதிகளின்படி' என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த விதிகளில் வீடு சம்பந்தமாக என்ன இருக்கிறது என்பதைத் தெரிவிக்க முடியுமா?

நான், மனைவி, ஐந்து வயது மகள் என மூவரும் மதுரையிலிருந்து வருகிறோம். ஒயிட்ஃபீல்டு, காடுகோடி பக்கம் நான் விசாரித்த இரண்டு படுக்கையறை வீடுகளுக்கு மாத வாடகை 35,000 ரூபாய் சொல்கிறார்கள். மதுரையில் இப்போது 11,000 கொடுக்கிறேன். வாடகையையாவது சம்பளத்திலிருந்து சமாளித்துவிடலாம். மலைக்க வைப்பது முன்பணம்தான். ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார்கள், அதுவே 2,10,000. முதல் மாத வாடகையும் தரகரின் ஒரு மாதக் கட்டணமும் சேர்ந்தால் 2,80,000 ஆகிறது. சாமான் ஏற்றிவரும் லாரிச் செலவு தனி. முதல் சம்பளம் பிப்ரவரி கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே இவ்வளவும் கையில் இருக்க வேண்டும்.

எனக்கு முதலில் தேவைப்படுவது தங்க ஓர் இடம். பிப்ரவரி 2 முதல் மூன்று வாரங்களுக்கு நிறுவனத்தின் விருந்தினர் இல்லம் கிடைக்குமா? நான் தனியாக வந்து வார இறுதிகளில் வீடு பார்ப்பேன். படம் மட்டும் பார்த்து முன்பணம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் லாரியை நம்பியிருக்கும் வீடா என்பதையெல்லாம் நேரில் போய்க் கேட்டால்தான் தெரியும். விருந்தினர் இல்லத்தில் இடமில்லையென்றால், ஊதா வழித்தட மெட்ரோவை ஒட்டிய தங்கும் விடுதிக்கான செலவை ரசீது காட்டிப் பெற இயலுமா?

முன்பணத்துக்கு வட்டியில்லாத கடனாக 2,00,000 ரூபாய் கிடைத்தால் பெரும் உதவி. பத்து மாதங்களில் சம்பளத்திலிருந்து 20,000 வீதம் பிடித்துக்கொள்ளலாம். நிறுவனமே வீட்டைக் குத்தகைக்கு எடுத்துத் தரும் வழக்கம் இருந்தாலும் சொல்லுங்கள்.

இவற்றில் எது கிடைத்தாலும், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்பதோடு சேர்த்து, மின்னஞ்சலில் எழுத்தாகத் தந்தால் நல்லது. முந்தைய வேலையில் வாய்மொழியாகச் சொன்ன இடமாற்றப் படி எனக்கு வரவே இல்லை. அப்போது இடமாற்றத்துக்காக வாங்கிய கடனை அடைக்க ஒன்றரை ஆண்டு ஆனது. அதனால்தான் இவ்வளவு விவரமாகக் கேட்கிறேன்.

இது தங்கள் கையில் இல்லையென்றால் மனிதவளப் பிரிவில் யாரிடம் கேட்க வேண்டும் என்று சொன்னாலும் போதும். உதவி எதுவும் கிடைக்காத நிலையில், சேரும் தேதியை மார்ச் 2-க்குத் தள்ளிவைக்க முடியுமா என்பதையும் தெரிவியுங்கள், அதற்குள் பணத்தைப் புரட்டிவிடுவேன். நியமனக் கடிதத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பதால், வியாழன் மாலைக்குள் தங்கள் பதில் கிடைத்தால் நன்றாக இருக்கும். மாலை 6 மணிக்கு மேல் தொலைபேசியில் பேசவும் முடியும்.

நன்றியுடன்,
செந்தில்
மதுரை