கடை வாடகை ரெண்டு மாசம் நீட்டிக்கிறது பத்தி

அண்ணே வணக்கம், தெற்கு மாசி வீதி கடைல துணி வச்சிருக்கேன்ல, அந்த அக்ரிமென்ட் ஆகஸ்ட் 31-ஓட முடியுது. சிம்மக்கல்ல எடுத்த புது கடைல வேலை இன்னும் முடியலண்ணே. தளத்தைப் பேத்துப் பாத்தா அடில பழைய பைப் பூரா அரிச்சுப் போயிருக்கு, அதை மாத்தாம டைல்ஸ் ஒட்ட முடியாதுன்னு கொத்தனார் சொல்லிட்டாரு, த்ரீ பேஸ் கரண்ட்டும் இன்னும் வரல, அது வந்தாத்தான் ஏசி, லைட் எல்லாம்.

அதனால அக்டோபர் 31 வரைக்கும் இருந்துக்கிறேண்ணே. இப்ப குடுக்குற 18,000-க்கு மேல மாசம் 2,000 சேத்துத் தர்றேன், அஞ்சாம் தேதிக்குள்ள போட்டுருவேன். அட்வான்ஸ் உங்ககிட்டயே இருக்கட்டும், அதுல வாடகையைக் கழிக்க வேணாம்.

தீபாவளிச் சரக்கு சூரத்துல இருந்து கெளம்பிருச்சு, கடை இல்லாட்டி இறக்க எடமே இல்லண்ணே, வேலை பாக்குற பொண்ணுங்க சம்பளம், போனஸ் எல்லாம் இந்த சீசன நம்பித்தான் இருக்கு. வேற யாருக்காவது பேசி வச்சிருந்தா சொல்லுங்க, நானே அவங்ககிட்ட நவம்பர்னு கேட்டுப் பாக்குறேன். முன்னாடியே வேலை முடிஞ்சாலும் அக்டோபர் வாடகை முழுசாத் தந்துருவேன். சரின்னா ஸ்டாம்ப் பேப்பர் நான் வாங்கிட்டு வர்றேன், ஞாயித்துக்கெழம காலைல வீட்டுக்கு வரட்டுமாண்ணே?