மழைக்காலச் சுற்றறிக்கை: திருத்திய படி

சேர், நேற்று நீங்கள் ஃபோனில் சொல்லச் சொல்ல எழுதியது இது:

"மழ நாள்ல புள்ளைங்க வெளிய நின்னு நனையிதுக. கேட்டு ஏழு மணிக்கே தொறந்திருக்கும், வந்த ஒடனே உள்ளுக்கு போயிரணும். சப்பாத்து நனஞ்சிருந்தா செருப்புல வரலாம், ஆனா வெறுங்கால்ல வரப்படாது, அட்ட கடிக்கும். ஆத்தோர குறுக்குப் பாதையில வராம ரோட்டு வழியாவே வரணும். ஒன்றரைக்கு விடுறப்ப மழ பலமா இருந்தா சின்னவங்கள தனியா அனுப்பாதீங்க, வீட்டாள் வந்து கூட்டிட்டுப் போகணும், அது வரைக்கும் வகுப்பு டீச்சர் கூட இருக்கணும். மண்சரிவு எச்சரிக்க வந்தா மேல் டிவிசன் புள்ளைங்க வர வேணாம், யாரும் ஏச மாட்டோம். ஞாயித்துக்கிழம பத்துக்கு கூட்டம். அம்மா அப்பால ஒருத்தராவது வாங்க, ஏலாட்டி கடிதம் குடுங்க."

அறிவித்தல் பலகைக்கும் வீடுகளுக்கும் அனுப்பவேண்டிய படி:

சுற்றறிக்கை
2025.06.16
பெற்றோர், பாதுகாவலர், வகுப்பாசிரியர் அனைவருக்கும்

மழைக்காலப் பாதுகாப்பும் பெற்றோர் கூட்டமும்

மழை நாட்களில் மாணவர்கள் வெளியில் நின்று நனைவதைத் தவிர்ப்பதற்காகப் பாடசாலை நுழைவாயில் மு.ப. 7.00 மணிக்கே திறக்கப்பட்டிருக்கும். மாணவர்கள் வந்தவுடன் உள்ளே சென்றுவிட வேண்டும்.

சப்பாத்து நனைந்திருப்பின் செருப்பு அணிந்து வரலாம். அட்டைக்கடி ஏற்படுமாதலால் வெறுங்காலுடன் வரக்கூடாது. ஆற்றோரக் குறுக்குப் பாதையைத் தவிர்த்து, வீதி வழியாகவே வருதல் வேண்டும்.

பி.ப. 1.30 மணிக்குப் பாடசாலை விடும்போது கடும் மழை பெய்தால், தரம் 1 முதல் 3 வரையான மாணவர்களைத் தனியே அனுப்பக்கூடாது. வீட்டார் ஒருவர் நேரில் வந்து அழைத்துச் செல்ல வேண்டும். அதுவரை வகுப்பாசிரியர் அவர்களுடன் இருத்தல் வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படும் நாளில் மேல் டிவிசன் மாணவர்கள் வரவேண்டியதில்லை. அதற்காக எவரும் கண்டிக்கப்படமாட்டார்.

2025.06.22 ஞாயிற்றுக்கிழமை மு.ப. 10.00 மணிக்குப் பெற்றோர் கூட்டம் நடைபெறும். தாய், தந்தை இருவரில் ஒருவரேனும் சமூகமளிக்க வேண்டும். இயலாதவர்கள் கடிதம் மூலம் அறிவிக்க வேண்டும்.

அதிபர்

மாற்றியவற்றில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். "சின்னவங்க" என்றால் யார் என்று திருப்பிக் கேட்டபோது மூன்றாம் தரம் வரை என்றீர்கள், அதனால்தான் தரத்தை எழுதினேன். "வரப்படாது" நம் பேச்சில் தடை. தாளில் அப்படியே இருந்தால் செயப்பாட்டு வினைபோலத் தோன்றும், ஆகவே "வரக்கூடாது".

"சப்பாத்து" போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல் என்றாலும் நம் எழுத்திலும் நிலைத்துவிட்டது. "காலணி" என்று போட்டால் செருப்பும் அதற்குள் அடங்கி அந்த வாக்கியமே குழம்பும். "மேல் டிவிசன்" என்பதில் கை வைக்கவில்லை. "மேற்பிரிவு" என்றால் லயத்தில் பாதிப்பேர் அதை மேல்வகுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். "ஏச மாட்டோம்" என்பதில் இருந்த உங்கள் அன்பு "கண்டிக்கப்படமாட்டார்" என்பதில் கொஞ்சம் குறைந்துதான் போகிறது. கூட்டத்தில் அதை உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள், சேர்.